தண்ணீர் ட்யூபில் வளைவு வந்தால்: சால்மோனெல்லா பிசிஆரில் பிழை தேடும் வரிசை

உணவு மாதிரியில் சால்மோனெல்லா இருக்கிறதா என்று ரியல்-டைம் பிசிஆரில் பார்க்கிற ஆய்வகங்களுக்காக இதை எழுதுகிறேன். இறால், மிளகு, கோழி இறைச்சி என்று எது வந்தாலும் திரையில் தெரியும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள், பின்னால் வரும் எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

எந்த ட்யூப் எதற்குச் சாட்சி

நடைமுறை இதுதான். 25 கிராம் மாதிரியை 225 மி.லி. பஃபர்டு பெப்டோன் நீரில் போட்டு 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம் வைக்கிறோம். அதிலிருந்து 1 மி.லி. எடுத்துச் சுழற்றி, அடியில் படிந்ததை 200 மைக்ரோலிட்டர் கீலெக்ஸ் கரைசலில் கலக்கி, 10 நிமிடம் கொதிக்க வைக்கிறோம். மறுபடி சுழற்றி மேல்நீரில் 5 மைக்ரோலிட்டரை பிசிஆரில் சேர்க்கிறோம். சால்மோனெல்லா குடலின் செல்லுக்குள் நுழைய உதவும் invA என்ற மரபணுவின் ஒரு துண்டைத்தான் பிரைமர்கள் தேடுகின்றன. துண்டு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். ப்ரோப்பில் இருக்கும் சாயம் அந்தப் பெருக்கத்தோடு சேர்ந்து ஒளிர்கிறது. எந்தச் சுற்றில் ஒளி திரையில் குறித்த எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதோ அதுதான் Ct.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அடைகாத்த பெப்டோன் நீர், அதாவது குழம்பு, 1 மி.லி. எடுத்தது 200 மைக்ரோலிட்டராகி அதில் 5 மட்டும் ட்யூபுக்குள் போகிறது, அதாவது நாற்பதில் ஒரு பங்கு. குழம்பில் மி.லி.க்கு 40 பாக்டீரியா இருந்தால்தான் ட்யூபுக்குச் சராசரியாக ஒன்று வரும். தயக்கமில்லாமல் பிடிக்க மி.லி.க்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். 25 கிராமில் ஒரே ஒரு பாக்டீரியா இருந்தாலும் பிடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உண்மையில் பிடித்துக் கொடுப்பது அந்த 18 மணி நேரம். பிசிஆர் கடைசியில் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

மாதிரியோடு கூட ஐந்து சாட்சிகள் வேண்டும். ஒன்று, திரையில் NTC என்று வரும் தண்ணீர் ட்யூப். கலவையிலோ பிப்பெட்டிலோ வெளி டிஎன்ஏ இல்லை என்று அது சொல்கிறது. இரண்டாவது பிளாங்க்: மாதிரி போடாத பெப்டோன் நீர், மற்றவற்றோடு சேர்ந்து அடைகாக்கப்பட்டுக் கொதிக்க வைக்கப்பட்டது. பிரித்தெடுக்கும் மேசை சுத்தம் என்று அது சொல்கிறது. மூன்றாவது பாசிட்டிவ் கன்ட்ரோல், அளவு தெரிந்த சால்மோனெல்லா டிஎன்ஏ. நான்காவது உள் கன்ட்ரோல். இது தனி ட்யூப் இல்லை. எல்லா ட்யூபிலும் கலவையோடு சேர்த்தே போடப்படும் வேறொரு டிஎன்ஏ, வேறு நிறத்தில் ஒளிரும். சால்மோனெல்லா FAM நிறத்தில், உள் கன்ட்ரோல் HEX நிறத்தில் என்று இங்கே வைத்துக்கொள்வோம். ஐந்தாவதைத்தான் பல இடங்களில் செலவு பார்த்து விட்டுவிடுகிறார்கள்: அதே வகை உணவில் பத்துக்கும் குறைவான உயிருள்ள சால்மோனெல்லாவைப் போட்டு, முதல் படியிலிருந்து கடைசி வரை கொண்டுபோகும் மாதிரி.

இந்த ஐந்தாவது ஏன் வேண்டும்? உள் கன்ட்ரோல் நன்றாக வந்தால் பிசிஆர் வேலை செய்தது என்பது மட்டும்தான் தெரியும். குழம்பில் பாக்டீரியா வளர்ந்ததா, கொதிக்க வைத்தபோது உடைந்ததா என்பது அதற்குத் தெரியாது. கிராம்பைப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் பெப்டோன் நீரில் போட்டால் அதுவே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். உள் கன்ட்ரோல் அழகாக வரும், மாதிரியும் "இல்லை" என்று வரும், இரண்டும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லும்.

திரையைத் திறந்ததும் மாதிரிகளைப் பார்க்காதீர்கள். முதலில் NTC, பிளாங்க், பாசிட்டிவ், பிறகு ஒவ்வொரு மாதிரியின் HEX, கடைசியில்தான் FAM. மாதிரியை முதலில் பார்த்துவிட்டால் கன்ட்ரோலை அதற்கு ஏற்றாற்போல வளைத்துப் படிக்கத் தோன்றும். ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்தில் காத்திருக்கும் நாட்களில் இது இன்னும் அதிகம்.

அறிகுறி 1: NTC-இல் FAM வளைவு வருகிறது

எல்லோரையும் பதற வைப்பது இதுதான். உடனே எல்லா ரீஏஜென்டையும் தூக்கிப் போட வேண்டாம். முதலில் அடுத்த ஓட்டத்தில் எட்டு NTC வையுங்கள், இரண்டு பிளாங்க்கும் வையுங்கள். அவை எந்த வடிவத்தில் வருகின்றன என்பதே பாதி விடை.

*எட்டும் வருகின்றன, Ct எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் (33.1, 33.4, 33.0 என்று).* அழுக்கு எல்லா ட்யூபுக்கும் சமமாகப் போயிருக்கிறது. அப்படியென்றால் அது கலவைக்குள் இருக்கிறது. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். தண்ணீரைப் புதிய, திறக்காத புட்டியிலிருந்து எடுத்து ஓட்டுங்கள். போகவில்லையா, பிரைமர், ப்ரோப் இரண்டுக்கும் புதிய அலிகாட். அதற்கும் போகவில்லை என்றால் மாஸ்டர்மிக்ஸ். ஒரு ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போகும், காரணம் தெரியாது. சின்னச் சின்ன அலிகாட்டாகப் பிரித்து வைத்திருந்தால் இந்தத் தேடல் சில ட்யூப்களோடு முடியும். ஒரே பெரிய புட்டியாக வைத்திருந்தால் அந்தப் புட்டியே போச்சு.

*எட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும், Ct 36, 38 என்று சிதறலாக.* இது கலவை இல்லை. காற்றில் தெறித்த துளி, பிப்பெட்டின் மூக்குக்குள் ஏறிய துளி, கையுறை. பாசிட்டிவ் கன்ட்ரோலை எப்போது போடுகிறீர்கள் என்று பாருங்கள். மாதிரி எல்லாம் போட்டு, NTC-யையும் மூடிய பிறகுதான் பாசிட்டிவ் ட்யூபின் மூடியே திறக்க வேண்டும். பில்டர் டிப் இல்லாமல் வேலை நடக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஈரமான காட்டன் ஸ்வாபால் பிப்பெட்டின் தண்டு, மேசை, சென்ட்ரிபியூஜின் உள்பக்கம், ஃபிரீசர் கைப்பிடி ஆகியவற்றைத் தனித்தனியாகத் துடைத்து, ஒவ்வொரு ஸ்வாபையும் மாதிரி போலவே ஓட்டுங்கள். Ct எந்த இடத்தில் குறைவோ அங்கேதான் ஊற்று. அங்கே புதிதாகக் கலந்த பத்துக்கு ஒன்று பிளீச்சை ஊற்றி 10 நிமிடம் விட்டு, தண்ணீரால் துடைத்தெடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் பாக்டீரியா சாகும், டிஎன்ஏ அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் ஸ்பிரிட் அடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

*NTC எல்லாம் சுத்தம், பிளாங்க் மட்டும் வருகிறது.* பிசிஆர் அறையை விட்டுவிடுங்கள். கோளாறு அதற்கு முன்னால், பிரித்தெடுக்கும் இடத்தில். கீலெக்ஸ் கரைசலைப் பல நாட்களாக ஒரே புட்டியிலிருந்து எடுக்கிறீர்களா, கொதிக்கும்போது மூடி திறந்து பக்கத்து ட்யூபில் தெறிக்கிறதா என்று பாருங்கள். பூட்டும் வசதியுள்ள மூடி போட்ட ட்யூப் கொஞ்சம் விலை அதிகம், அந்த விலை வீண் இல்லை.

வந்திருப்பது எந்த டிஎன்ஏ என்றும் கண்டுபிடிக்கலாம். பழைய ஓட்டங்களின் பெருக்கத் துண்டா, இல்லை பாசிட்டிவ் கன்ட்ரோலா? கலவையில் டிடிடிபிக்குப் பதிலாக டியுடிபியும் கூடவே யுஎன்ஜி நொதியும் இருந்தால், பழைய பெருக்கத் துண்டுகளை அந்த நொதி ஓட்டத்தின் முதல் 2 நிமிடத்தில், 50 டிகிரியில், வெட்டிவிடும். அதையும் மீறி வளைவு வந்தால் பெரும்பாலும் பாக்டீரியாவிலிருந்தே வந்த இயற்கை டிஎன்ஏ அது, அதை யுஎன்ஜி தொடாது. இன்னொரு வழி, பாசிட்டிவ் கன்ட்ரோலாக உணவில் அரிதாக வரும் ஒரு வகையைப் பயன்படுத்துவது. பிரிட்டனில் சால்மோனெல்லா நாட்டிங்ஹாமை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். இறாலில் நாட்டிங்ஹாம் வந்தால் அது கடலிலிருந்து வரவில்லை, உங்கள் ஃபிரிட்ஜிலிருந்து வந்தது.

இங்கே ஒரு விதிவிலக்கு. எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான 16எஸ் மரபணுவைத் தேடும் பிரைமர் போட்டால் NTC-இல் பின்சுற்றுகளில் வளைவு வருவது சகஜம். டாக் நொதியையே ஈ.கோலையில்தான் தயாரிக்கிறார்கள், அதன் டிஎன்ஏ துணுக்கு கூடவே வந்துவிடுகிறது. invA தேடும்போது அந்தச் சாக்கு செல்லாது.

*எப்போது கைமாற்ற வேண்டும்:* தண்ணீர், பிரைமர், மாஸ்டர்மிக்ஸ் மூன்றையும் மாற்றி, மேசையையும் சுத்தம் செய்த பிறகும் வருகிறதென்றால், அதே புதிய ரீஏஜென்டை வேறொரு ஆய்வகத்தில் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். அங்கே சுத்தமாக வந்தால் கலவை போடும் இடத்தையே வேறு அறைக்கு மாற்ற வேண்டிய நேரம். அங்கேயும் வந்தால் லாட் எண்ணைச் சொல்லி விற்றவரிடம் கேளுங்கள்.

அந்த ஓட்டத்தில் வந்த முடிவுகளை என்ன செய்வது? NTC கெட்டால் "இருக்கிறது" என்ற முடிவுகள்தான் சந்தேகம். உள் கன்ட்ரோலும் பாசிட்டிவும் சரியாக இருந்தால் "இல்லை" என்று வந்தவை தர்க்கப்படி கெடவில்லை. ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போட அது போதாது, முழு ஓட்டத்தையும் திரும்பப் போடுவதே சரி.

அறிகுறி 2: பாசிட்டிவ் கன்ட்ரோல் வரவில்லை, அல்லது நாளுக்கு நாள் பின்னால் போகிறது

வரவே இல்லை என்றால் முதலில் உப்புச்சப்பில்லாத காரணங்கள். டிஎன்ஏ போட மறந்ததா, பக்கத்துக் குழியில் விழுந்ததா, மென்பொருளில் அந்தக் குழிக்கு FAM தேர்வு செய்திருக்கிறதா. அந்தக் குழியின் HEX-ஐப் பாருங்கள். HEX வந்திருந்தால் கலவை, நொதி, இயந்திரம் மூன்றும் பெரிதாகக் கெடவில்லை. அப்போது சந்தேகம் இரண்டு பக்கம் மட்டும்: பாசிட்டிவ் டிஎன்ஏ, அல்லது invA பிரைமர்-ப்ரோப். புதிய பாசிட்டிவ் அலிகாட்டைப் போட்டு ஓட்டினால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ப்ரோப் கெட்டதா என்று வளைவு தொடங்கும் முன்பே தெரியும். மூல ஒளி அளவைத் திறந்து முதல் சில சுற்றுகளைப் பாருங்கள். ப்ரோப் வெளிச்சத்தில் கிடந்தோ, உருகி உறைந்தோ உடைந்திருந்தால் சாயம் அதன் அணைப்பானை விட்டுப் பிரிந்திருக்கும், தொடக்க ஒளி வழக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கும், வளைவு ஏறும் உயரம் குறைந்திருக்கும்.

மெதுவாகப் பின்னால் போவதுதான் இதில் சுவாரசியமானது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பாசிட்டிவின் Ct-யையும், NTC-யில் வரும் உள் கன்ட்ரோலின் Ct-யையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இப்படி வருகிறது என்று வைப்போம்:

```
run        1     2     3     4
PC  FAM   28.1  28.5  29.2  30.1
NTC HEX   30.0  30.1  29.9  30.1
```

HEX அசையவில்லை, FAM மட்டும் நழுவுகிறது. அப்படியானால் பெரும்பாலும் பாசிட்டிவ் டிஎன்ஏதான் தேய்கிறது. மிகக் குறைந்த அளவில் கரைத்த டிஎன்ஏ வெறும் தண்ணீரில் இருந்தால் ட்யூபின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தடவை உருக்கி உறைய வைக்கும்போதும் இன்னும் குறையும். டிஇ பஃபரில் கரைத்து, ஒரு தடவைக்கு ஒன்று என்று அலிகாட் செய்து வைத்தால் தீர்ந்தது. இரண்டு வரிசையும் சேர்ந்து நழுவினால் கதை வேறு. மாஸ்டர்மிக்ஸ் வெளியே இருந்திருக்கலாம், இல்லையென்றால் இயந்திரம்.

இயந்திரமா என்று பார்க்க ஒரே கலவையில் பாசிட்டிவ் டிஎன்ஏ கலந்து 96 குழியிலும் போட்டு ஓட்டுங்கள். எல்லாம் அரைச் சுற்று இடைவெளிக்குள் வந்தால் பிளாக் நலம். ஓரக் குழிகள் மட்டும் பின்தங்கினால் முதலில் சீலை மாற்றுங்கள், சூடான மூடி அழுத்துகிறதா என்று பாருங்கள், ஆவியாவதுதான் வழக்கமான காரணம். சீலை மாற்றியும் அதே குழிகள் அடுத்த தட்டிலும் பின்தங்கினால் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பிளாக்கின் வெப்ப அளவீடும் சாயத்தின் அளவீடும் அவர் கையில் இருக்கும் கருவியால்தான் முடியும். அந்தத் தட்டின் கோப்பைச் சேமித்து வைத்துக் காட்டுங்கள், இல்லையென்றால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பாசிட்டிவ் கன்ட்ரோல் கெட்ட ஓட்டத்தில் "இல்லை" என்று வந்த எதையும் நம்பக் கூடாது. இது முந்தைய அறிகுறிக்கு நேர் எதிர்.

இன்னொன்று, பாசிட்டிவ் கன்ட்ரோலை Ct 18-இல் வருமாறு கெட்டியாக வைத்திருப்பவர்கள் நிறைய. பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் கலவையின் திறன் பாதியாகக் குறைந்தாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும், பக்கத்துக் குழிக்குத் தெறித்தால் சேதமும் பெரிது. 28-30 சுற்றில் வருமாறு நீர்த்து வைப்பதுதான் பயன்.

அறிகுறி 3: மாதிரியில் FAM-உம் இல்லை, HEX-உம் இல்லை

இதை "இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டு நிறமும் வராத ட்யூப் எதையும் சொல்லவில்லை. பிசிஆரே அங்கே நடக்கவில்லை.

முதல் காரணத்துக்குக் காசு செலவே இல்லை. கீலெக்ஸ் என்பது உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் நுண்மணிகள். மேல்நீரை எடுக்கும்போது ஓரிரு மணி டிப்பில் ஏறிவிட்டால், பிசிஆருக்கு வேண்டிய மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். ட்யூபை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளைத் துகள் தெரியும். மறுபடி நன்றாகச் சுழற்றி, மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே மட்டும் டிப்பை வைத்து எடுத்து ஓட்டுங்கள்.

அதில் தீரவில்லை என்றால் மாதிரியே தடுக்கிறது. மிளகு, மஞ்சள், மிளகாய்த் தூளில் இருக்கும் பாலிஃபீனால்களும் நிறமிகளும், இறைச்சியின் ரத்தமும், கொழுப்பும் நொதியை முடக்கும். இதற்கு அடுத்த மலிவான பரிசோதனை, பிரித்தெடுத்த டிஎன்ஏவையே நீர்ப்பது. ஒரு மிளகு மாதிரியில் இப்படி வருகிறது என்று வையுங்கள்:

```
              FAM            HEX
neat     Undetermined   Undetermined
1:10         31.4           32.1
1:100        32.6           30.0
NTC      Undetermined       30.0
```

பத்து மடங்கு நீர்த்தால் Ct சுமார் 3.3 கூட வேண்டும். இங்கே 1:10-இலிருந்து 1:100-க்குப் போகும்போது 1.2 மட்டும்தான் கூடியிருக்கிறது. 1:100-இல் HEX, NTC-யில் இருப்பது போலவே 30.0, அதாவது அங்கே தடை போய்விட்டது. அந்த 32.6-இலிருந்து 3.3-ஐக் கழித்தால், 1:10-இல் FAM உண்மையில் 29.3-இல் வந்திருக்க வேண்டும். வந்ததோ 31.4. தாமதம் 2.1 சுற்று. இப்போது 1:10-இன் HEX-ஐப் பாருங்கள்: 32.1, அதுவும் 2.1 சுற்றுத் தாமதம். இரண்டு நிறமும் ஒரே அளவு பின்தங்கியிருப்பதால் இது தடைதான், வேறு கோளாறு இல்லை. நீர்க்காமல் விட்டிருந்தால் சால்மோனெல்லா உள்ள மிளகு "இல்லை" என்று வெளியே போயிருக்கும், உள் கன்ட்ரோல் போடாத ஆய்வகத்தில் யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

நீர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1:100 என்றால் பிடிக்கும் திறனும் நூறில் ஒரு பங்கு. முதல் பகுதியில் சொன்ன மி.லி.க்கு ஆயிரம் இப்போது லட்சமாகிறது. 18 மணி நேரம் நன்றாக வளர்ந்த குழம்பில் அது பெரும்பாலும் இருக்கும், ஆனால் உறைய வைத்த இறாலில் அடிபட்டு மெதுவாக வளரும் பாக்டீரியாவுக்கு உறுதி இல்லை. ஒரே வகை மாதிரி திரும்பத் திரும்பத் தடுக்கிறதென்றால் சிலிக்கா சவ்வு வைத்த குழலிலோ காந்த மணியிலோ டிஎன்ஏவைக் கழுவியெடுக்கும் கிட்டுக்கு மாறுங்கள், செலவு கூடினாலும். அதையும் அந்த வகை உணவில் சால்மோனெல்லாவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் வழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கிராம்பு, லவங்கப்பட்டை, ஓரிகானோ போன்றவற்றில் டிஎன்ஏவை நீர்த்துப் புண்ணியமில்லை, பாக்டீரியாவே குழம்பில் வளராது. அங்கே மாதிரியைத்தான் நீர்க்க வேண்டும். லவங்கப்பட்டைக்கு நூறில் ஒன்று, கிராம்புக்கு ஆயிரத்தில் ஒன்று என்பது வழக்கம். வெங்காயம், பூண்டுப் பொடிக்குக் குழம்பில் 0.5% பொட்டாசியம் சல்பைட் சேர்ப்பார்கள்.

*FAM பலமாக வந்து HEX மட்டும் வரவில்லையா?* அது கோளாறே இல்லை. சால்மோனெல்லா டிஎன்ஏ நிறைய இருந்தால் கலவையில் உள்ளதையெல்லாம் அதுவே தின்றுவிடும், உள் கன்ட்ரோலுக்கு மிச்சம் இருக்காது. மாதிரி பாசிட்டிவ்தான். ஆனால் உள் கன்ட்ரோலை Ct 22-இல் வருமாறு அதிகமாகப் போட்டு வைத்திருந்தால் தொல்லை இரண்டு. பலவீனமான சால்மோனெல்லாவை அது நசுக்கும், லேசான தடையை அதுவே மறைக்கும். 30-ஐ ஒட்டி வருமாறு வையுங்கள்.

அறிகுறி 4: FAM மிகத் தாமதமாக, Ct 37-40-இல் எழுகிறது

முதலில் வளைவைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எண்ணைப் பார்த்து வேண்டாம். மூல ஒளியில் எஸ் போல வளைந்து ஏறுகிறதா, இல்லை முதல் சுற்றிலிருந்தே சாய்கோடாக ஊர்ந்து கோட்டைத் தொடுகிறதா? சாய்கோடு என்றால் அது பின்னணி நகர்வு. பேஸ்லைனைச் சரியான சுற்றுகளில் வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் மறைந்துவிடும்.

எஸ் வடிவம் என்றால் உண்மையிலேயே ஏதோ பெருகியிருக்கிறது. அதே டிஎன்ஏவைத் திரும்பத் திரும்ப ஓட்டி "மூன்றில் இரண்டு வந்தது" என்று வாக்கெடுப்பு நடத்துவதில் அர்த்தமில்லை. ட்யூபுக்குச் சராசரியாக ஒரு துண்டு என்ற நிலையில் நூறு ட்யூபில் சுமார் 37 ட்யூபில் ஒன்றுகூட விழாது. வருவதும் வராததும் அதிர்ஷ்டம்.

அதனால்தான் குளிர்ப்பெட்டியில் மிச்சக் குழம்பைப் பத்திரமாக வைக்கச் சொல்வது. அதில் 0.1 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆர்விஎஸ் குழம்பில் போட்டு 41.5 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துத் திரும்ப பிசிஆர் போடுங்கள். உயிருள்ள சால்மோனெல்லா என்றால் Ct சடாரென்று இருபதுகளுக்கு இறங்கும். மேசையிலிருந்து ஒட்டிய டிஎன்ஏ என்றால் நூறு மடங்கு நீர்த்ததில் காணாமல் போகும். ஒரு நாள் தாமதம், ஆனால் அதன் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது.

அறிகுறி 5: பிசிஆர் "இருக்கிறது", தட்டு "இல்லை"

பிசிஆர் பாசிட்டிவ் என்பது உணவுச் சோதனையில் அனுமானம் மட்டும்தான். தட்டில் வளர்த்துத் தனியே எடுத்தால்தான் உறுதி. இரண்டும் ஒத்துப்போகாதபோது நேராக "பிசிஆர் பொய்" என்று முடிவுகட்டுவது இங்கே வழக்கம். பல தடவை தட்டைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

எக்ஸ்எல்டி தட்டில் சிவப்பின் நடுவே கருப்புப் புள்ளியைத் தேடுகிறோம். ஹைட்ரஜன் சல்ஃபைடு தராத சால்மோனெல்லாவில் அந்தக் கருப்பு வராது. லாக்டோஸைப் புளிக்க வைக்கும் சால்மோனெல்லா மஞ்சளாகவே வரும். புரோட்டியஸ் தட்டை மூடிவிட்டால் அடியில் இருப்பது தெரியாது. ஆகவே வேறு தத்துவத்தில் வேலை செய்யும் இரண்டாவது தட்டும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஐயமான காலனிகளில் பத்தைத் தொட்டு நேராக அவற்றையே பிசிஆரில் போட்டால் மலிவாக விடை கிடைக்கும்.

தட்டு சரி என்றால் அடுத்த கேள்வி, செத்த பாக்டீரியாவா? நீராவியில் பதப்படுத்திய மிளகில் இது நியாயமான சந்தேகம். பாக்டீரியா செத்தாலும் அதன் டிஎன்ஏ இருக்கும், பிசிஆருக்கு வித்தியாசம் தெரியாது. பெப்டோன் நீரில் போட்டவுடனே 1 மி.லி. எடுத்து உறைய வைத்திருந்தால் அதையும் 18 மணி நேரத்துக் குழம்பையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். முதலில் Undetermined, பிறகு 22 என்றால் வளர்ந்திருக்கிறது, உயிருள்ளது, தட்டை மறுபடி தேடுங்கள். இரண்டும் 33 என்றால் ஒன்றும் வளரவில்லை, செத்ததுதான். ஆனால் இப்படித் தெரிய வேண்டுமென்றால் குழம்பில் மி.லி.க்கு ஆயிரக்கணக்கில் செத்த சால்மோனெல்லா இருந்திருக்க வேண்டும். பதப்படுத்தும் முன் அந்தச் சரக்கு எந்த நிலையில் இருந்தது என்று அனுப்பியவரைக் கேட்க வேண்டிய அளவு அது.

பிளாங்க்கைத் திரும்பப் பாருங்கள். அதுவும் 37-இல் லேசாக வந்திருந்தால் அறிகுறி 1-க்குப் போங்கள்.

காலனி கிடைத்துவிட்டால், எந்த வகை என்று தெரிய கசௌலியில் இருக்கும் தேசிய சால்மோனெல்லா, எஷெரிக்கியா மையத்துக்கு அனுப்பலாம். உங்கள் பாசிட்டிவ் கன்ட்ரோலின் வகையே திரும்பி வந்தால், அது மாதிரியில் இருந்ததா மேசையில் இருந்ததா என்று முழுவதும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அரிதான வகையைக் கன்ட்ரோலாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அறிகுறி 6: தட்டு "இருக்கிறது", பிசிஆர் "இல்லை"

அபூர்வம், ஆனால் இதுதான் ஆபத்து. HEX-ஐப் பாருங்கள். 2 சுற்றுப் பின்தங்கியிருந்தாலும் அறிகுறி 3. HEX சரியாக இருந்தால் தட்டில் எடுத்த காலனியையே கொதிக்க வைத்து ஓட்டுங்கள். அது பலமாக வந்தால் குழம்பில் எண்ணிக்கை போதவில்லை. பிசிஆர் போட்டது பெப்டோன் குழம்பிலிருந்து, தட்டு போட்டது அதற்கு அடுத்த ஆர்விஎஸ் குழம்பிலிருந்து என்றால் இது நடக்கும். பெப்டோன் குழம்பை இனி 18 மணி நேரத்துக்கு முன் எடுக்காதீர்கள்.

சுத்தமான காலனியே பிசிஆரில் வரவில்லையா? முதலில் அது சால்மோனெல்லாதானா என்று சீரத்தில் பாருங்கள். கருப்புப் புள்ளியோடு சிட்ரோபாக்டரும் வரும். சீரமும் உயிர்வேதிச் சோதனைகளும் சால்மோனெல்லா என்றே சொன்னால், invA இல்லாத வகை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. 1992-இல் இந்த மரபணுவின் பிரைமர்களை சுமார் 630 சால்மோனெல்லா வகைமாதிரிகளில் சோதித்தபோது நான்கு மட்டும் வரவில்லை, லிட்ச்ஃபீல்டு இரண்டு, சென்ஃப்டன்பெர்க் இரண்டு. அந்த மாதிரிக்கு முடிவு தட்டின்படியே போக வேண்டும். காலனியை உறைய வைத்து, ttr போல வேறொரு மரபணுவைத் தேடும் பிரைமரால் ஓட்டிப் பாருங்கள், கசௌலிக்கு அனுப்பும் கடிதத்தில் invA வரவில்லை என்பதையும் எழுதுங்கள்.